பதினைந்து விநாடிக்குள் ஒரு கேக்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கிறார். மற்ற மாதங்களில் பிறந்தநாள் கேக்குகள். டிசம்பர் வந்துவிட்டால் கருப்பட்டி பிளம் கேக். அதற்காக அவர் இன்ஸ்டாகிராமில் போட்ட விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "தம்பி, நெறைய பேரு பாத்திருக்காங்க, ஆர்டர்தான் வரல. என்னன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதல் நான்கு விநாடி கடையின் பெயரும் சின்னமும் சுழன்றன. பிறகு ஒரு சினிமாப் பாட்டின் மேல் ஒன்பது கேக் படங்கள் ஓடின. நடுவே மதினியின் குரல் மூச்சுவிடாமல் பேசியது. கடைசி மூன்று விநாடியில் ஐந்து வேண்டுகோள்கள்: எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள், லைக் செய்யுங்கள், நண்பர்களுக்குப் பகிருங்கள், விவரங்களுக்கு அழையுங்கள், வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளுங்கள். கைபேசி எண் திரையின் அடியில் இருந்தது. அதன் மேலேயே கணக்கின் பெயரும் பதிவின் வாசகமும் ஏறி உட்கார்ந்ததால் எண்ணின் பாதி இலக்கங்கள் தெரியவில்லை.

கேக்கில் குறை இல்லை, படப்பிடிப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் பார்ப்பவர் கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பதை மதினி முடிவு செய்யாமல் விட்டிருந்தார். அதனால் அவர்களும் ஒன்றும் செய்யவில்லை.

பதினைந்து விநாடி விளம்பரத்தை எழுதும்போது முதலில் எழுத வேண்டியது கடைசி வாக்கியம். விளம்பரத் துறையில் அதைக் 'கால் டு ஆக்‌ஷன்' என்பார்கள். பார்த்தவர் அடுத்த நொடியில் செய்ய வேண்டிய ஒரே காரியம் அது. மதினியின் ஐந்தில் எதை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசினோம். பின்தொடர்வதாலும் லைக் போடுவதாலும் டிசம்பரில் ஒரு கேக் கூட விற்காது, அவை போயின. "அழையுங்கள்" என்பதை விட மதினிக்கு மனமில்லை. நான் கேட்டேன், "மாவுக் கையோட நிக்கும்போது போன் அடிச்சா எடுப்பீங்களா மதினி?" சிரித்துவிட்டார். அவர் எடுக்காத அழைப்பு அடுத்த கேக்காரருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் செய்தி காத்திருக்கும், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கூடப் பதில் போடலாம். வாங்குபவருக்கு எளிதாக இருந்தால் மட்டும் போதாது, விற்பவரின் நாளுக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தியிருக்க வேண்டும்.

ஆக, வாட்ஸ்அப். ஆனால் "வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளுங்கள்" என்பது இன்னும் முழுமையான வேண்டுகோள் ஆகவில்லை. தொடர்பு கொண்டு என்ன எழுதுவது? பலர் அங்கேயே தயங்குவார்கள். எழுதுபவர்களும் "விலை?" என்று ஒற்றைச் சொல் அனுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்லி, அளவைச் சொல்லி, எந்த ஊர் என்று கேட்டு முடிப்பதற்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதனால் கேட்பவர் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு எண்ணாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்: எத்தனை கேக் வேண்டும்? இரண்டு என்று அனுப்பினால் அதுவே ஆர்டர்.

அந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் பதில் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்பே அவர்களுக்கு விலை தெரிந்திருக்க வேண்டும், அளவு தெரிந்திருக்க வேண்டும், நம் ஊருக்கு வருமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இப்படிக் கடைசி வாக்கியம் தனக்கு முன்னால் வர வேண்டியதைத் தானே தேர்ந்துகொடுத்துவிடுகிறது. விலையைச் சொல்லாமல் இன்பாக்ஸுக்கு வரச் சொல்வது வீட்டு பேக்கரிகளில் பரவலான பழக்கம். அது தப்பு என்றே நினைக்கிறேன். விலை கட்டுப்படாதவர் விளம்பரத்திலேயே விலகிவிட்டால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

நாளும் வேண்டும். எதுவரைக்கும் ஆர்டர் எடுப்பது என்பதை அடுப்புதான் சொல்கிறது. மதினியின் ஓ.டி.ஜி. அடுப்பில் அரைக் கிலோ தகரம் ஒரு நேரத்தில் நான்கு வைக்கலாம். வெந்து முடிய ஒரு மணி நேரம். வீட்டு வேலை, பிள்ளைகள் பாடு போக ஒரு நாளைக்கு மூன்று முறை அடுப்பேற்ற முடியும். அப்படியானால் நாளுக்குப் பன்னிரண்டு, டிசம்பர் 21, 22, 23 மூன்று நாளில் முப்பத்தாறு. கடைசி நாள் 20 என்பது இப்படி வந்தது. 'சீக்கிரம்', 'முந்துங்கள்' என்று அவசரப்படுத்துகிற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை, உண்மையான தேதி ஒன்றே போதுமானதாக இருந்தது. முப்பத்தாறு நிரம்பியதும் விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அன்றே பேசிக்கொண்டோம்.

அடுத்தது முதல் வாக்கியம். கடையின் பெயரோடு தொடங்கினால் பெயர் தெரியாதவர் விரலால் தள்ளிவிட்டுப் போவார். பெயர் எப்படியும் கணக்கின் பெயராகத் திரையில் தெரிகிறது. முதல் இரண்டு விநாடி, வேறெங்கும் பார்க்காத ஒன்றைக் கண்ணுக்கோ காதுக்கோ தர வேண்டும். மதினியிடம் அது இருந்தது. சிரட்டையில் ஊற்றி உறைந்த உடன்குடிக் கருப்பட்டி வட்டை அவர் அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி உடைப்பார். அந்த 'டொக்' ஓசையும், உடைந்த முகத்தில் தெரிகிற கரும்பழுப்பும் எந்தப் பாட்டைவிடவும் ஆளை நிறுத்தும்.

பாட்டை இன்னொரு காரணத்துக்காகவும் விட வேண்டியிருந்தது. தனிநபர் பதிவுகளில் போட அனுமதியுள்ள சினிமாப் பாட்டுகளை வணிக விளம்பரத்தில் பயன்படுத்த அந்த அனுமதி செல்லாது. மெட்டா நிறுவனம் விளம்பரங்களுக்கென்று உரிமைச் சிக்கலில்லாத இசைத் தொகுப்பு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. நமக்கு அதுவும் தேவைப்படவில்லை.

மதினி எழுதிவைத்திருந்த முதல் வரி "சீனியே சேர்க்காத கேக்" என்பது. கவர்ச்சியான வரிதான். ஆனால் அந்த கேக்கில் டூட்டி ஃப்ரூட்டி இருக்கிறது, சீனிப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் இருக்கிறது. கருப்பட்டியும் இனிப்புதான், அதில் பெரும்பங்கு சர்க்கரையே. நீரிழிவு உள்ள ஒருவர் அந்த வரியை நம்பி இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டால் பாவம் யாருக்கு? சட்டத்துக்கும் இது ஆகாது. உணவு விளம்பரங்களில் என்ன சொல்லலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்கும், இயற்கையானது, சுத்தமானது, பாரம்பரியமானது போன்ற சொற்களுக்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. வீட்டு பேக்கரிக்கும் அவை பொருந்தும்.

அப்படியானால் கருப்பட்டியைப் பற்றி உண்மையாக எதைச் சொல்லலாம்? பிளம் கேக்கின் கறுப்பு வழக்கமாகச் சீனியை எரித்துக் காய்ச்சிய பாகில் வருவது. மதினியின் கேக்கில் அந்தப் பாகு கிடையாது. கருப்பட்டியைத் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி, அந்தப் பாகைத்தான் மாவில் ஊற்றுகிறார். நிறம் அதிலிருந்து வருகிறது. இதைச் சொன்னால் போதும். சரிபார்க்க முடிந்த சின்ன உண்மை அது, கண்ணாலும் காட்டலாம்.

பழங்களைப் பற்றிய வரியிலும் இதே திருத்தம். "மாதக்கணக்கில் ஊறிய பழங்கள்" என்று எழுதியிருந்தார். ரம்மில் ஊறப்போடுபவர்கள் மாதக்கணக்கில் வைக்கலாம், மது கெடவிடாது. மதினி ஆரஞ்சுச் சாற்றில், குளிர்சாதனப் பெட்டியில், ஒரு வாரம் ஊறவைக்கிறார். சாற்றில் மாதக்கணக்கில் வைத்தால் புளித்துப்போகும். ரம் இல்லை என்பதுதான் அவர் வாடிக்கையாளர்களில் பலர் தேடுவது, அதையே சொல்வோம் என்றேன்.

இனி நேரக் கணக்கு. பதினைந்து விநாடிக்கு முப்பத்தைந்து, நாற்பது சொற்கள் என்று ஆங்கிலத்தில் கணக்குச் சொல்வார்கள். தமிழுக்கு அது உதவாது. நம் சொற்கள் வேற்றுமை உருபையும் விகுதியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருபவை. 'பாளையங்கோட்டைக்கு' என்பது ஒரே சொல்தான், வாய்க்கோ ஆறு அசைப்பு. எனவே சொற்களை எண்ணாமல் வாய் அசைப்புகளை எண்ண வேண்டும்: பா, ளை, யங், கோட், டைக், கு. அவசரமில்லாமல் தெளிவாகப் பேசினால் விநாடிக்கு ஆறு அசைப்பு வரும். பதினைந்து விநாடி முழுவதும் பேசித் தீர்த்தால் தொண்ணூறு. ஆனால் ஓசைக்கும் மூச்சுக்கும் இடம் விட வேண்டும் என்பதால் எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். மதினியின் பழைய வசனம் அதைப்போல் இரு மடங்கு இருந்தது. அத்தனையையும் திணித்துப் பேசியதில்தான் குரல் மூச்சிரைத்திருக்கிறது.

கடைசியில் எழுதி முடித்தது இவ்வளவுதான்.

முதல் ஒன்றரை விநாடி பேச்சில்லை. அம்மியில் கருப்பட்டி உடைகிறது, ஓசை மட்டும். உடனே கரும்பாகு மாவில் நூலாக விழுகிறது. குரல்: "இந்தக் கேக்கோட கறுப்பு கருப்பட்டியில வந்தது."

நாலரையாவது விநாடியில் கரண்டியிலிருந்து ஊறிய பழங்கள் சரிகின்றன, கத்தி கேக்கில் இறங்கி ஒரு துண்டு சாய்கிறது. குரல்: "ரம் இல்லாம, ஆரஞ்சுச் சாறுல ஊறுன பழம்."

அரை விநாடி அமைதி. பிறகு பெட்டியில் வைத்த முழு கேக், மதினியின் உள்ளங்கை மேல். கை தெரிந்தால்தான் அரைக் கிலோ எவ்வளவு பெரிசு என்று புரியும். குரல்: "அரை கிலோ நானூத்தம்பது ரூபா. நெல்லை, பாளையங்கோட்டைக்கு மட்டும்."

பதினோராவது விநாடியிலிருந்து கடைசிவரை அதே படம், அசையாமல். திரையின் நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு வரி: 'டிசம்பர் 20க்குள்' என்று மேலே, 'எத்தனை கேக்? வாட்ஸ்அப்' என்று கீழே. குரல்: "இருபதாம் தேதிக்குள்ள எத்தனை கேக் வேணும்னு வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

இருபத்தைந்து சொற்கள், எழுபத்தைந்து அசைப்புகள். "என்ன தம்பி, கடை பேரையே காணோம்!" என்று மதினி ஒருமுறை பதறினார். பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெயர் இருக்கிறது, அது கடைசி ஏழு விநாடியும் தெரிகிறது என்று காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணும் அதே சீட்டில் இருக்கிறது. அதை வாயால் சொல்லத் தேவையில்லை, ஆனால் இல்லாமல் விற்கக் கூடாது.

பேச்சு வழக்கில் எழுதியதற்குக் காரணம் உண்டு. "அனுப்பவும்" என்று எழுதி வாசித்தபோது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. "அனுப்புங்க" என்றதும் மதினியே பேசுவது போல ஆனது. திரையில் வரும் எழுத்துக்கும் குரலுக்கும் ஒரு வேறுபாடு வைத்தோம். பலர் ஓசையை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அவர்களுக்குக் குரல் இல்லை. ஆகவே கருப்பட்டி, ரம் இல்லை, 450 ரூபாய், 20ஆம் தேதி, எத்தனை என்ற இந்த ஐந்தும் எழுத்திலும் வந்தாக வேண்டும். ஆனால் பேசுவதை எல்லாம் அப்படியே எழுதினால் கண் கேக்கை விட்டுவிட்டு எழுத்தைத் துரத்தும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு சொற்கள் போதும்.

எழுத்து எங்கே நிற்கிறது என்பதில்தான் முதல் விளம்பரம் தவறியது. நெட்டுவாக்கான ரீல்ஸ் திரையில் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கை வாசகமும் பொத்தானும் எடுத்துக்கொள்ளும். வலப்பக்கம் லைக், பகிர்வுச் சின்னங்கள் இருக்கும். உச்சியிலும் கொஞ்சம் மறையும். மிஞ்சுவது நடுப்பகுதி, எழுத்து அங்கேதான் இருக்க வேண்டும். படமெடுக்கும்போதே கேக்கைச் சற்று மேலே வைத்து எடுத்தால் இது எளிது. எடுத்த பிறகு நகர்த்தினால் கேக் வெட்டுப்படும்.

இன்ஸ்டாகிராமில் பதிவின் வாசகத்தில் இணைப்பை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. அதனால் இரண்டு வழி செய்தோம். பணம் கட்டி ஓட்டும் விளம்பரத்தில் வாட்ஸ்அப்பைத் திறக்கும் பொத்தானைத் தேர்ந்தெடுத்தோம். சாதாரணப் பதிவைப் பார்ப்பவர்களுக்காக, கணக்கின் முகப்பில் இந்த மாதிரி ஓர் இணைப்பை வைத்தோம்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KARUPPATTI%20CAKE%20-%20
```

எக்ஸ் எழுத்துகள் இருக்கும் இடத்தில் பத்து இலக்கக் கைபேசி எண். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. தொட்டதும் மதினியின் உரையாடல் திறந்து, KARUPPATTI CAKE என்ற சொற்கள் தயாராக நிற்கும். வாங்குபவர் எண்ணை மட்டும் சேர்த்து அனுப்புவார். இதில் இன்னொரு வசதி: அந்தச் சொற்களோடு வரும் ஒவ்வொரு செய்தியும் இந்த இணைப்பின் வழியாக வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே வேண்டுகோள் வைப்பதன் பலன் இங்கே கைக்குக் கிடைக்கிறது. ஐந்து வேண்டுகோள் வைத்தால் எது வேலை செய்தது என்று எண்ணிப் பார்க்கவே முடியாது.

விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்ற இடத்தில் பாளையங்கோட்டையை மையமாக வைத்துப் பத்து கிலோமீட்டர் சுற்றளவு கொடுத்தோம். தமிழ்நாடு முழுவதும் என்று விட்டிருந்தால் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்டிருப்பார்கள், பார்த்தவர் எண்ணிக்கையும் பெருகியிருக்கும். அவர்களுக்கு மதினியால் கேக்கைக் கொண்டுசேர்க்க முடியாது. முதல் விளம்பரத்தை "நெறைய பேரு" பார்த்ததன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

வெளியிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தோம். ஓசையை அணைத்துவிட்டு எதிர்வீட்டு அக்காவிடம் ஒரே ஒரு முறை காட்டி, "இதப் பாத்துட்டு நீங்க என்ன செய்யணும்?" என்று கேட்டோம். "எத்தனை வேணும்னு வாட்ஸ்அப்ல சொல்லணும்" என்றார். "விலை?" என்றதற்கும் சரியாகச் சொன்னார். "எதுக்குள்ள?" என்றபோது தடுமாறினார். தேதியின் எழுத்து சிறிதாக இருந்திருக்கிறது, பெரிதாக்கினோம். இந்தச் சோதனைக்கு வீட்டு ஆட்கள் உதவ மாட்டார்கள், அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

ஓடத் தொடங்கிய பிறகு எந்த இடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராமே ஒரு கோடாகக் காட்டும். முதல் இரண்டு விநாடியில் கோடு செங்குத்தாக விழுந்தால் குறை முதல் படத்தில், வசனத்தை மாற்றிப் பயனில்லை. கடைசிவரை பார்த்தும் செய்தி வரவில்லை என்றால் விலை, ஊர், வேண்டுகோள் மூன்றில் ஒன்று உதைக்கிறது. செய்தி வந்தும் ஆர்டர் ஆகவில்லை என்றால் விளம்பரத்தில் குறையில்லை, பதில் தாமதமாகப் போகிறது. மதினிக்கு இந்த மூன்றாவதுதான் முதல் நாள் நடந்தது. மதியம் வந்த செய்திகளுக்கு இரவு பதினொன்றுக்குப் பதில் போட்டார். மறுநாள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானே போகும் முதல் பதிலை எழுதிவைத்தோம்: "நன்றிங்க. கேக் 22, 23, 24 எந்த நாள் வேணும்? முகவரி அனுப்புங்க. ராத்திரிக்குள்ள உறுதி சொல்றேன்." அதன் பிறகு கேட்டவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

18ஆம் தேதி மாலை முப்பத்தாறாவது கேக்குக்கு ஆர்டர் வந்தது. விளம்பரத்தை நிறுத்தினோம். கேக் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, 26ஆம் தேதி, வந்த செய்திகளை மதினி முதலிலிருந்து வாசித்துப் பார்த்திருக்கிறார். விலையை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பலர் கேட்டிருந்த ஒன்று எங்கள் இருவருக்குமே தோன்றாதது: முட்டை சேர்ப்பீர்களா? சேர்ப்பார். அதை விளம்பரத்தில் சொல்லாததால், முட்டை சாப்பிடாதவர்கள் செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, ஏமாந்து போயிருக்கிறார்கள்.

போனில் சொன்னார், "தம்பி, அடுத்த வருசம் ரெண்டாவது வரியில 'முட்டை உண்டு'ன்னு சேத்துக்கிடுவோம். நாலு அசைப்பு கூடும்." எங்கே குறைப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "மொத வரியில 'கேக்கோட' எதுக்கு? அந்த நேரம் திரையில பாகுதான ஊத்துது. 'இந்தக் கறுப்பு கருப்பட்டியில வந்தது.' மூணு போயிருச்சா? மிச்சம் ஒண்ணுக்கு அந்த அரை விநாடி அமைதியில கொஞ்சம் எடுத்துக்கிடலாம்."